கிரேவியின் தேதி

திங்கட்கிழமை காலையில் கிளறி இறக்கிய வெங்காயத் தக்காளி கிரேவியில் மூன்று லிட்டரைப் புதன்கிழமை மாலை எடுக்கிறார் ஒரு சமையல்காரர். முந்திரி விழுது, வெண்ணெய், கிரீம் சேர்த்துக் கொதிக்கவிட்டு, பட்டர் மசாலாவுக்கான கிரேவியாக மாற்றுகிறார். இரவு வியாபாரம் முடிந்ததும் மிஞ்சியதை டப்பாவில் ஊற்றி, மாஸ்கிங் டேப்பில் ஒரு துண்டைக் கிழித்து ஒட்டி, மார்க்கரை எடுக்கிறார். என்ன தேதி எழுதுவார்? அநேகமாகப் புதன்கிழமை என்றுதான். அன்றுதானே செய்தார்! அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அந்த டப்பாவில் பாதிக்கு மேல் இருப்பது திங்கட்கிழமைச் சரக்கு.

முதலில் வந்தது முதலில் போக வேண்டும் என்ற விதி உணவகத்தில் எல்லாருக்கும் தெரியும். பயிற்சி வகுப்புகளில் அதை அடுக்கும் முறையாகவே சொல்லித் தருகிறார்கள்: பழையது முன்னால், புதியது பின்னால், எல்லா டப்பாவிலும் சீட்டு. மூட்டையாக வந்து மூட்டையாகவே வெளியேறும் அரிசிக்கும் பருப்புக்கும் இது போதும். சமைத்த உணவு அப்படி இல்லை. குளிர் அறைக்குள் போன பிறகும் அது மாறிக்கொண்டே இருக்கிறது. பெரிய பாத்திரத்திலிருந்து சின்ன டப்பாவுக்குப் போகிறது, இன்னொன்றோடு கலக்கிறது, உறைகிறது, உருகுகிறது, மறுபடி அடுப்பேறுகிறது. ஒவ்வொரு முறையும் அதன் நாள் கணக்கு எங்கிருந்து தொடங்குகிறது என்று யாரோ ஒருவர் முடிவு செய்தாக வேண்டும். அந்த முடிவு தவறினால், அடுக்கு எவ்வளவு அழகாக இருந்தாலும் பயனில்லை.

நாள் கணக்கை எண்ணாக எழுதிவைத்த விதிகளில் அதிகம் பேசப்படுவது அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் வெளியிடும் ஃபுட் கோட். மாநிலங்கள் ஏற்றுக்கொள்வதற்காக எழுதப்படும் மாதிரி விதித்தொகுப்பு அது. சமைத்து முடித்த, அப்படியே சாப்பிடத்தக்க, எளிதில் கெடக்கூடிய உணவைக் குளிரில் 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருப்பதானால் தேதி குறிக்க வேண்டும். 5 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குக் கீழே அதிகபட்சம் 7 நாள் வைக்கலாம் என்கிறது. இந்த ஏழுக்குப் பின்னால் இருப்பது லிஸ்டீரியா மோனோசைட்டோஜீன்ஸ் என்ற பாக்டீரியா. குளிர்ப்பெட்டியில் வைத்துவிட்டால் மற்றவை பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். இது மெதுவாகவேனும் வளர்ந்துகொண்டிருக்கும். கர்ப்பிணிகளையும் முதியவர்களையும்தான் அதிகம் தாக்கும். ஆகவே 7 நாள் என்பது ருசியை வைத்துச் சொன்ன கெடு இல்லை. மூக்கால் கண்டுபிடிக்க முடியாத ஒன்றுக்கு வைத்த எல்லை. 'முகர்ந்து பார், நல்லாத்தானே இருக்கு' என்ற வாதம் இங்கே எடுபடாததற்குக் காரணமும் அதுதான். லிஸ்டீரியா வளர்ந்த உணவு நாறுவதில்லை.

அந்த எண் வெப்பநிலையோடு கட்டப்பட்டது என்பதை மறந்துவிடுகிறோம். அதே விதித்தொகுப்பின் பழைய பதிப்புகளில் 7 டிகிரியில் வைத்தால் 4 நாள்தான் என்று தனிக் கணக்கு இருந்தது. பின்னால் அதை எடுத்துவிட்டார்கள். இரண்டு டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிறது என்பதுதான் அதில் தெரிவது. மதிய வியாபாரத்தில் நிமிடத்துக்கு ஒருமுறை கதவு திறக்கப்படும் நம் ஊர்க் குளிர் அறையில், வெளியே தொங்கும் மீட்டர் காற்றின் குளிரைத்தான் காட்டும். டப்பாவின் நடுவில் கம்பி வெப்பமானியைக் குத்திப் பார்த்தால் எட்டோ ஒன்பதோ காட்டும் அறையில், ஏழு நாள் என்று எழுதிய சீட்டுக்கு அர்த்தமே கிடையாது.

எண்ணும் முறையிலும் ஒரு சறுக்கல் உண்டு. ஃபுட் கோட் கணக்கில் தயாரித்த நாளே முதல் நாள். திங்கட்கிழமை செய்தது ஞாயிறு இரவோடு முடிந்தது. பல சமையலறைகளில் திங்களோடு ஏழைக் கூட்டி அடுத்த திங்கள் என்று எழுதிவிடுகிறார்கள். ஒரு நாள் பரிசாகக் கிடைத்துவிடுகிறது. பிரிட்டனின் உணவகத் தொழிலிலோ 'செய்த நாளோடு இரண்டு' என்ற வழக்கம் பரவலாக உண்டு. திங்களன்று செய்தது புதன் இரவு போய்விட வேண்டும். இங்கிலாந்தில் சட்டப்படி குளிர்பதன உச்சவரம்பு 8 டிகிரி என்பதோடு சேர்த்துப் பார்த்தால், அந்தக் கறாரான மூன்று நாளின் நியாயம் விளங்கும்.

இந்தியாவில் 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டமும் அதன்கீழ் 2011இல் வந்த உரிம விதிகளும் இருக்கின்றன. உணவகங்களுக்கான ஆய்வுப் பட்டியலில், முதலில் வந்தது முதலில் போவதும், முதலில் காலாவதியாவது முதலில் போவதும் கடைப்பிடிக்கப்படுகின்றனவா என்று ஆய்வாளர் பார்க்க வேண்டும் என இருக்கிறது. சமைத்ததைக் குளிர்விக்கும் வேகத்துக்கு நம் பட்டியல் அமெரிக்கர்களைவிடக் கண்டிப்பானது: 60 டிகிரியிலிருந்து 21 டிகிரிக்கு இரண்டு மணி நேரத்துக்குள், அங்கிருந்து 5 டிகிரிக்கு இன்னும் இரண்டு மணி நேரத்துக்குள். அமெரிக்க விதியில் இரண்டாம் கட்டத்துக்கு நான்கு மணி நேரம். ஆனால் பேஸ் கிரேவிக்கு எத்தனை நாள், வேகவைத்த உருளைக்கு எத்தனை நாள் என்பதை உணவகம்தான் தன் குளிர் அறையையும் தன் பண்டத்தையும் பார்த்து நிர்ணயித்துக்கொள்ள வேண்டும். அதை எழுதிச் சுவரில் ஒட்டாத இடத்தில், சீட்டில் எழுதும் கெடு அன்றைக்கு மார்க்கர் பிடித்தவரின் மனசைப் பொறுத்தது.

இனி அந்த கிரேவியையே எடுத்துக்கொள்வோம். சென்னையில் நடுத்தர அளவிலான ஓர் உணவகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவில் வட இந்தியப் பட்டியல் உண்டு. பேஸ் கிரேவிக்கு வீட்டு விதி நான்கு நாள், செய்த நாள் உட்பட. திங்கள் காலை 11:30க்கு 30 லிட்டர் அடுப்பிலிருந்து இறங்குகிறது. அண்டாவோடு குளிர் அறைக்குள் தள்ளினால் நடுப்பகுதி மாலை வரை வெதுவெதுப்பாகவே இருக்கும். அந்த வெதுவெதுப்பில் வளர்வதற்கென்றே கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ் காத்திருக்கிறது. ஆகவே நான்கு பெரிய ட்ரேக்களில் ஐந்து சென்டிமீட்டர் உயரத்துக்குள் ஊற்றி, அடியில் ஐஸ் தண்ணீர் வைத்துக் கிளறி ஆற்றுகிறார்கள். 1:30க்கு 21 டிகிரிக்கு இறங்கிவிட்டதைக் குத்திப் பார்த்துவிட்டு, மூன்று மூன்று லிட்டராகப் பத்து டப்பாவில் ஊற்றி உள்ளே வைக்கிறார்கள்.

சீட்டு எழுத வேண்டிய நேரம் எது? பெரும்பாலும் டப்பாவில் ஊற்றும்போதுதான் எழுதுவார்கள். அதற்குள் அடுப்பிலிருந்து இறக்கிய நேரம் மறந்துபோயிருக்கும். ஊற்றுகிறவரும் சமைத்தவரும் ஒரே ஆளாக இருக்கமாட்டார்கள். அதனால் ட்ரேயோடேயே ஒரு துண்டுச் சீட்டு கிளம்ப வேண்டும். நல்ல சமையலறைகளின் சீட்டில் இரண்டு நேரங்கள் இருக்கும்: இறக்கியது 11:30, உள்ளே வைத்தது 1:30. பார்க்க அற்பமாகத் தெரியும் இந்த இரட்டை நேரத்தைத்தான் முழுச் சீட்டிலும் நான் முக்கியமாக நினைக்கிறேன். தேதி மட்டும் எழுதிய சீட்டில், வெளியே கிடந்த நேரம் மறைந்துவிடுகிறது. 11:30க்கு இறக்கி 1:30க்கு உள்ளே போன கிரேவிக்கும், 11:30க்கு இறக்கி மதியக் கூட்டம் அடங்கிய பிறகு 5 மணிக்கு உள்ளே போன கிரேவிக்கும் ஒரே சீட்டுதான், திங்கள் முதல் வியாழன் வரை என்று. முன்னது நான்கு நாள் தாங்கும். பின்னதை நாலு மணிக்கே கொட்டியிருக்க வேண்டும்.

இது கிரேவியைவிடச் சோற்றில் கடுமை. ஃப்ரைடு ரைஸுக்கு ஆறிக் குளிர்ந்த சோறுதான் வேண்டும். சூடான சோறு வாணலியில் குழைந்துபோகும். அதனால் காலையில் வடித்ததை இரவுக்கும், இரவு மிஞ்சியதை மறுநாளுக்கும் வைப்பது தொழில் வழக்கம். அரிசியில் பேசில்லஸ் செரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இயல்பாகவே இருக்கும். வடிக்கும் சூட்டில் அவை சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும் நேரத்தில் முளைத்துப் பெருகி, வாந்தியை உண்டாக்கும் நஞ்சைச் சுரக்கும். அந்த நஞ்சு பிறகு வாணலியின் சூட்டிலும் அழியாது. சோற்றைப் பொறுத்தவரை எந்த நாள் என்பதைவிட எந்த மணி என்பதே கேள்வி. சோற்று டப்பாவில் நாள் பெயர் மட்டும் இருந்தால் அதைச் சீட்டே இல்லாததாகத்தான் கொள்ள வேண்டும்.

சரி, கிரேவிக்கு வருவோம். திங்கள் இரவுக்கு இரண்டு டப்பா, செவ்வாய் முழுக்க மூன்று, புதன் மதியம் இரண்டு. புதன் பிற்பகல் மூன்று டப்பா மிச்சம். அதில் ஒன்றைத்தான் அந்தச் சமையல்காரர் பட்டர் மசாலாவாக மாற்றினார். புதன் என்று எழுதிய சீட்டின்படி அதற்கு சனி இரவு வரை உயிர். உள்ளே இருக்கும் பேஸின் கணக்கிலோ வியாழன் இரவோடு முடிந்தது. இரண்டு நாள் அதிகம். சனியன்று அந்த மிச்சத்தை வேறொரு கறியில் கலந்து சனி என்று சீட்டு ஒட்டினால் இன்னும் மூன்று நாள். இப்படியே போனால் ஒரு பண்டத்துக்கு முடிவே வராது, ஒவ்வொரு சீட்டும் தனித்தனியாக உண்மை பேசிக்கொண்டிருக்கும்போதே.

ஃபுட் கோட் இதற்குத் தெளிவாகவே விடை சொல்கிறது: கலவையில் எது மூத்ததோ அதன் தேதியே கலவைக்கும் தேதி. புதன் செய்த பட்டர் மசாலாவின் சீட்டில் கெடு வியாழன். இதை நடைமுறையில் கொண்டுவர ஒரே வழி, சீட்டில் 'எதிலிருந்து' என்று ஒரு வரி சேர்ப்பதுதான்: 'பட்டர் மசாலா கிரேவி, செய்தது புதன் மாலை 6, பேஸ் திங்கள், கடைசி வியாழன் இரவு.' பேஸ் டப்பாவின் சீட்டைக் கிழித்துப் போடாமல் புது டப்பாவில் ஒட்டிவிடுவதும் நடக்கிறது. அழகாக இருக்காது, ஆனால் தவறு நேராது.

மீண்டும் கொதிக்கவைத்தபோதே எல்லாம் செத்துவிட்டதே, கணக்கு புதிதாகத் தொடங்கக் கூடாதா என்று மாஸ்டர்கள் கேட்பார்கள். வெறும் வீம்புக்காகக் கேட்கும் கேள்வி இல்லை இது. நன்றாகக் கொதித்தால் லிஸ்டீரியா சாகும்; அந்த அளவில் அவர்கள் பக்கம் நியாயம் உண்டு. ஆனால் பேசில்லஸ் செரியஸின் வித்தும் நஞ்சும், கையிலிருந்து வரும் ஸ்டஃபிலோகாக்கஸ் விட்டுப்போன நஞ்சும் கொதிக்குப் பயப்படாதவை. இன்னொன்று, கொதித்தது மறுபடி ஆற வேண்டும். முதல் தடவை ஐந்து பேர் நின்று ட்ரேயில் ஊற்றி ஆற்றினார்கள்; இரவு 11 மணிக்கு மிஞ்சிய இரண்டு லிட்டரை யாரும் அப்படி ஆற்றப் போவதில்லை. சூட்டோடு மூடி போட்டு உள்ளே வைத்துவிட்டுக் கிளம்புவார்கள். அதனால் ஒரு முறை சூடாக்கியதை மிச்சம் வைக்காமல் இருப்பதே நல்லது. வைத்தேதான் ஆக வேண்டுமென்றால் மூத்த தேதியோடு வைக்க வேண்டும்.

கலப்பதில் இன்னொரு ரகம் மேலூற்று. முக்கால் காலியான டப்பாவில் புதிய கிரேவியை ஊற்றி நிரப்புவது. இடம் மிச்சம், டப்பா கழுவும் வேலை மிச்சம். நிரப்பியவர் புதுச் சீட்டும் ஒட்டிவிடுவார். இப்போது டப்பா முழுக்கவே பழைய தேதிக்கு இறங்கிவிட்டது; அரை லிட்டர் திங்கள் கிரேவியைக் காப்பாற்றப் போய் இரண்டரை லிட்டர் புதன் கிரேவியும் வியாழனோடு போக வேண்டியதாகிவிட்டது. கணக்குப் பார்த்தாலே மேலூற்று நட்டம். இஞ்சி பூண்டு விழுது, புளிக்கரைசல், மிளகாய் விழுது ஆகிய மூன்றிலும் இது அதிகம் நடக்கும், ஏனென்றால் அந்த டப்பாக்கள் ஒருபோதும் முழுதாகக் காலியாவதில்லை. அடியில் இருப்பது எப்போது அரைத்தது என்று கேட்டுப் பாருங்கள், பதில் வராது.

உறையவைப்பதில் கணக்கு நிற்கும், அழியாது. டீப் ஃப்ரீசரில் இருக்கும் நாள்களைக் கழித்துக்கொள்ளலாம். அதற்கு முன்னால் குளிரில் இருந்த நாள்கள் ஒட்டிக்கொண்டே வரும். வெள்ளியன்று செய்து, சனி முழுக்கக் குளிர் அறையில் இருந்து, ஞாயிறு இரவு உறையவைத்த கிரேவிக்கு நான்கு நாளில் மூன்று செலவாகிவிட்டது. புதன்கிழமை அதை உருகவிடக் குளிர் அறைக்கு மாற்றினால் அன்று இரவே கடைசி. இங்கேதான் முதலில் வந்தது முதலில் என்ற விதி தனியாக நின்றால் சறுக்குகிறது. அந்த டப்பா புதன்கிழமைதான் குளிர் அறைக்குள் வந்தது. வந்த வரிசைப்படி வைத்தால் திங்கள் டப்பாக்களுக்கும் பின்னால் போய்விடும். கெடு வரிசைப்படி அதுதான் முதலில் வெளியேற வேண்டியது. சமைத்த உணவுக்கு வந்த தேதியைவிட முடியும் தேதியே அடுக்கின் அடிப்படையாக இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தெரியவில்லை. உறையவைக்கும் டப்பாவின் சீட்டில் செய்தது, உறைந்தது, இறக்கியது என்று மூன்று தேதிக்கு இடம் விட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் இந்தக் கெடுபிடி தேவையில்லை. ஆலையில் தயாரித்து அடைத்து வரும் தயிர், மோர் போன்ற புளித்த பால் பொருள்களை ஃபுட் கோட்டே தேதி விதியிலிருந்து விலக்கியிருக்கிறது. புளிப்பே அவற்றுக்குக் காவல். அரைத்த மாவுக்கும் கணக்கு வேறு. அரைத்த நேரமும் குளிரில் வைத்த நேரமும் சீட்டில் இருந்தால் எந்தத் தூக்கை இட்லிக்கு எடுப்பது, எதை ஊத்தப்பத்துக்குத் தள்ளுவது என்று மாஸ்டருக்குத் தெரியும். அது பெரும்பாலும் ருசிக் கணக்குதான். தேங்காய்ச் சட்னிக்குச் சீட்டே வேண்டாம், அது இரவு தாண்டவே கூடாது.

சீட்டு என்ற பொருளைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். குளிர்ந்து வியர்த்த எவர்சில்வர் பாத்திரத்தில் டேப் ஒட்டாது. மறுநாள் காலை தரையில் கிடக்கும். டப்பா காய்ந்திருக்கும்போதே, உள்ளே போவதற்கு முன்பே ஒட்ட வேண்டும். மை கரையாத மார்க்கர் வேண்டும். பால்பாயிண்ட் பேனா எழுத்து இரண்டே நாளில் ஈரத்தில் மங்கிவிடும். சீட்டு ஒட்ட வேண்டிய இடம் டப்பாவின் உடல். மூடியில் ஒட்டினால், ஒரே அளவிலான பத்து டப்பாவின் மூடிகள் ஒரே இரவில் இடம் மாறிவிடும். அதன்பின் ஒவ்வொரு டப்பாவும் பக்கத்து டப்பாவின் தேதியைச் சுமந்துகொண்டிருக்கும். டப்பா கழுவும்போது பழைய சீட்டை முழுக்க உரித்தெடுக்க வேண்டும். பிசினோடு பாதி எழுத்து நிற்கும் டப்பாவில் புதுச் சீட்டு ஒட்டினால் இரண்டு தேதி தெரியும், அவசரத்தில் கண் எதையும் பார்க்கும். தண்ணீரில் கரையும் சீட்டுகள் இதற்காகவே வந்தவை. விலை கூடுதல் என்றாலும் சுரண்டும் வேலை இல்லை.

யார் படிக்கப் போகிறார்கள் என்பது அடுத்த விஷயம். இன்று தமிழ்நாட்டு உணவகச் சமையலறைகளில் ஒடிசா, பீகார், அசாம், நேபாளம் என்று பல இடத்துத் தம்பிகள் வேலை செய்கிறார்கள். மாஸ்டர் தமிழில் எழுதிய சீட்டை இரவு ஷிப்டில் டப்பா எடுக்கிறவர் படிக்க முடியாது. எண்கள் எல்லாருக்கும் பொது, ஆனால் 3/4 என்பது மார்ச் நான்கா ஏப்ரல் மூன்றா என்று குழப்பும். இதற்கு மாற்றாக வந்ததுதான் நாளுக்கொரு நிறம். உலகம் முழுக்கப் பரவிய வரிசையில் திங்கள் நீலம், செவ்வாய் மஞ்சள், புதன் சிவப்பு, வியாழன் பழுப்பு, வெள்ளி பச்சை, சனி ஆரஞ்சு, ஞாயிறு கறுப்பு. எழுத்தறிவே தேவைப்படாத முறை என்பதால் எனக்கு இதில் நம்பிக்கை உண்டு, இரண்டு நிபந்தனைகளோடு. நீல வட்டம் செய்த நாளா, கொட்ட வேண்டிய நாளா என்பதை வீட்டு விதி ஒன்றாகத் தீர்மானித்திருக்க வேண்டும். பழைய இடத்திலிருந்து வேலைக்கு வருகிறவர் அங்கே படித்த அர்த்தத்தோடுதான் வருவார். இரண்டாவது, ஏழு நாளில் நிறம் திரும்பி வந்துவிடும். போன வாரத் திங்களும் இந்த வாரத் திங்களும் ஒரே நீலம். மூன்று நான்கு நாள் கெடு உள்ள பண்டங்களுக்கு நிறம் மட்டும் போதும். ஏழு நாள் வைக்கும் பண்டத்துக்கும் டீப் ஃப்ரீசருக்கும் தேதியும் எழுதியே ஆக வேண்டும்.

அடுக்குவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பச்சை இறைச்சியும் மீனும் கீழ்த்தட்டில், சமைத்தவை மேலே, எதுவும் தரையில் இல்லை, சுவரை ஒட்டியும் இல்லை. ஒரு பண்டத்துக்கு ஒரு நிரந்தர இடம். கிரேவி மூன்று தட்டுகளில் சிதறிக் கிடந்தால் எந்த வரிசையும் நிற்காது. ஆனால் பழையதை முன்னால் இழுப்பது யார் வேலை என்பதில்தான் பெரும்பாலான அறைகள் தோற்கின்றன. புதிய டப்பாவைச் சுமந்து வருகிறவரின் இரண்டு கையும் நிறைந்திருக்கும். பின்னால் இருப்பதை முன்னால் கொண்டுவர அவர் முதலில் கையில் இருப்பதை எங்காவது இறக்க வேண்டும். இறக்க இடமில்லாவிட்டால் முன்னால் வைத்துவிட்டுப் போவார். கதவை ஒட்டி ஒரு சின்ன மேசையோ தள்ளுவண்டியோ இருந்தால் பழையது முன்னால் வருகிறது, இல்லாவிட்டால் வருவதில்லை. இதை ஒழுக்கக் குறைவு என்று திட்டிக்கொண்டிருப்பதைவிட ஒரு மேசை வாங்கிப் போடுவது மலிவு.

ஓர் அறையில் சுழற்சி உண்மையிலேயே நடக்கிறதா என்று அறிய முன்வரிசையைப் பார்க்கக் கூடாது. ஒவ்வொரு பண்டத்திலும் கடைசி டப்பாவை எடுத்துப் பார்க்க வேண்டும். அது மற்றவற்றைவிடப் பழையதாக இருந்தால் கதை முடிந்தது. ஒரே பண்டத்தில் இரண்டு டப்பா திறந்து பாதியாக இருந்தால், ஒருவர் முன்னாலும் இன்னொருவர் பின்னாலும் எடுத்துக்கொண்டிருக்கிறார். எல்லாச் சீட்டும் ஒரே மையில், ஒரே கையெழுத்தில், ஒரே அளவு புத்தம்புதிதாக இருந்தால் அவை நேற்றிரவு மொத்தமாக எழுதப்பட்டவை; ஆய்வாளர் வருகிறார் என்ற செய்தி வந்திருக்கும். தயாரிப்புத் தாளில் திங்களன்று பத்து டப்பா என்று இருந்து, மூன்று செலவாகி, ஐந்துதான் உள்ளே இருந்தால், இரண்டு டப்பா வேறு தேதியோடு அதே அறையில் உட்கார்ந்திருக்கலாம். இந்தக் கணக்கை ஆய்வாளரால் ஒரு மணி நேரத்தில் போட முடியாது. ஸ்டோர் கீப்பரால் ஐந்து நிமிடத்தில் முடியும்.

சட்டத்தின் கண் அண்மைக்காலத்தில் அதிகம் விழுந்தது வாடிக்கையாளர் கைக்குப் போகும் தேதியின் மீதுதான். 2020 அக்டோபர் முதல் நாளிலிருந்து, பெட்டியில் அடைக்காமல் தட்டில் வைத்து விற்கும் இனிப்புக்கும் எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று கடையில் காட்ட வேண்டும் என்றது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம். 2023 ஜனவரியில் கேரள அரசு, தயாரித்த நேரமும் சாப்பிட வேண்டிய நேரமும் குறித்த சீட்டு இல்லாத உணவுப் பொட்டலங்களைத் தடை செய்தது. நல்ல விதிகள். ஆனால் பொட்டலத்தின் மேல் இரவு 8:10 என்று ஒட்டும் சீட்டு, அது பொட்டலமான நேரத்தைத்தான் சொல்லும். உள்ளே இருக்கும் கிரேவி திங்களா புதனா என்பது குளிர் அறைச் சீட்டுக்கு மட்டுமே தெரியும், அந்தச் சீட்டு சரியாக எழுதப்பட்டிருந்தால்.

ஏன் சரியாக எழுதப்படுவதில்லை என்பதற்கு அறியாமையைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. கொட்டினால் திட்டு விழும். சில இடங்களில் சம்பளத்தில்கூடப் பிடிப்பார்கள். வியாழன் இரவு ஆறு லிட்டர் கிரேவியைக் கொட்ட வேண்டிய நிலையில் இருக்கும் சமையல்காரருக்கு, சீட்டை உரித்துப் புதுச் சீட்டு ஒட்டுவது மிகவும் சுலபமான வழி. கொட்டியதை எழுதும் நோட்டில் பல வாரமாக ஒரு வரிகூட இல்லாத உணவகத்தில் எதுவும் வீணாவதில்லை என்று முதலாளி பெருமைப்பட்டுக்கொள்ளலாம். எனக்கு அந்த வெற்று நோட்டுதான் முதல் சந்தேகம். கொட்டியவர் பெயரைக் கேட்காமல், கொட்டியதன் அளவையும் சீட்டில் இருந்த தேதியையும் மட்டும் எழுதச் சொன்னால் நோட்டு நிறையத் தொடங்கும்.

நம் உணவகத்தின் நோட்டில் வியாழன் இரவு இப்படி எழுதியிருக்கும்: பேஸ் கிரேவி, திங்கள், இரண்டு டப்பா, ஆறு லிட்டர். ஏன் மிஞ்சியது? புதன் காலை மாஸ்டர் வழக்கப்படி இன்னொரு 30 லிட்டர் போட்டுவிட்டார். ஒருநாள் விட்டு ஒருநாள் போடுவது அங்கே பழக்கம். புதன் மாலை புது டப்பாக்கள் முன்வரிசையில் வந்து உட்கார்ந்தன, திங்கள் டப்பா இரண்டும் பின்னால் போயின. அடுக்கைக் குறை சொல்லலாம், அது உண்மையும்கூட. ஆனால் செலவைக் கூட்டிப் பாருங்கள்: திங்கள் இரவு இரண்டு, செவ்வாய் மூன்று, புதன் மதியம் இரண்டு, ஆக ஏழு டப்பா. ஒரு கிளறலிலிருந்து அடுத்த கிளறல் வரை அந்தச் சமையலறைக்குத் தேவை 21 லிட்டர். போடுவதோ 30. மிஞ்சும் ஒன்பது லிட்டரை எந்த வரிசையில் அடுக்கினாலும் அடுத்த கிளறலின் செலவை அது பின்னால் தள்ளும். வாரம் போகப் போகப் பழையது சேர்ந்துகொண்டேதான் இருக்கும். எதிர்பாராத கூட்டத்துக்கு ஒரு டப்பா சேர்த்து 24 லிட்டர் என்று தயாரிப்புத் தாளில் திருத்திவிட்டு, அடுத்த கிளறலுக்கு முன்னால் மிச்ச டப்பாக்களை எண்ணி அந்த அளவையும் அதில் கழித்துக்கொண்டால், வியாழன் இரவு நோட்டில் எழுத வேண்டியது பெரும்பாலும் பட்டர் மசாலாவின் அந்த ஒரு டப்பா மிச்சம் மட்டுமாக இருக்கும்.